தானாகப் புதுப்பிக்கப்பட்ட சந்தா: விதிமுறைக்குள் ஒளிந்திருந்த ஷரத்தை எதிர்க்க முடியுமா?

நுகர்வோர் புகார்களை எழுதிக் கொடுத்து உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. "ஒரு வருஷத்துக்குத்தான் கட்டினேன், இரண்டாவது வருஷத்துக்கும் பணம் எடுத்துவிட்டார்கள்" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பல பதில்களில் ஒரே எடுத்துக்காட்டு வரும். விளக்கத்துக்காக நானே அமைத்தது அது. ஒருவர் மார்ச் 10 அன்று இணையவழி மொழிப் பயிற்சி ஒன்றில் சேர்கிறார். திரையில் பெரிய எழுத்தில் "ஓராண்டுத் திட்டம்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்று ஒரு பெட்டி. விதிமுறைகளைத் திறந்தால் நீண்டுகொண்டே போகிற பக்கம், அதில் 17.4-ஆம் ஷரத்து, "சந்தா முடிவதற்கு 90 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால், மேலும் 12 மாதங்களுக்கு நீடிக்கும்" என்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. அடுத்த மார்ச் 10 அன்று கார்டிலிருந்து இன்னோர் ஆண்டுக் கட்டணம் போகிறது.

"ஏற்கிறேன்" என்று நானேதான் டிக் செய்தேன். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. டிக் செய்ததால் ஒப்பந்தம் உண்டானது உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியும் உங்களைக் கட்டுப்படுத்தும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்வதில்லை. பேரம் பேச வாய்ப்பே இல்லாமல், எல்லோருக்கும் ஒரே அச்சில் நீட்டப்படும் ஒப்பந்தங்களுக்கு அவை தனி அளவுகோல் வைத்திருக்கின்றன.

எதிர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, "இந்த ஷரத்து என் கவனத்துக்கே கொண்டுவரப்படவில்லை, ஆகவே இது ஒப்பந்தத்தின் பகுதியே ஆகவில்லை" என்பது. இரண்டாவது, "பகுதியாகவே இருந்தாலும் இது நியாயமற்றது, ஆகவே என்னைக் கட்டுப்படுத்தாது" என்பது. இரண்டும் வெவ்வேறு வாதங்கள். கடிதத்திலும் புகாரிலும் இவற்றைத் தனித்தனியாக வையுங்கள். பலர் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதுகிறார்கள். பிறகு நிறுவனம் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நழுவிவிடுகிறது.

தானாகப் புதுப்பிப்பதே சட்டவிரோதம்தானே?

இல்லை. இப்படித் தொடங்கும் கடிதங்கள்தான் முதலில் தோற்கின்றன. காப்பீடு ஒருநாள்கூட விட்டுப்போகாமல் தொடர்வதும், இணையதளத்தின் டொமைன் பெயர் கைவிட்டுப் போகாமல் இருப்பதும் வாடிக்கையாளருக்கே நல்லது. அதனால் சட்டம் பொதுவாகப் புதுப்பித்தலைத் தடை செய்வதில்லை.

எதிர்க்க வேண்டியது அதைச் சுற்றி இருப்பவற்றை. "வேண்டாம்" என்று சொல்ல வைத்திருக்கும் கடைசி நாள் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது? அந்த நாள் நெருங்கும்போது யாராவது நினைவூட்டினார்களா? புதுப்பித்தபின் எவ்வளவு காலம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறோம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய உத்தரவின் (93/13) பின்னிணைப்பில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் தானாக நீளும்படி வைத்து, வேண்டாமென்று சொல்லும் கடைசி நாளைக் காரணமின்றி மிகவும் முன்னதாகவே வைக்கும் ஷரத்து நியாயமற்றதாகக் கருதப்படக்கூடியவற்றுள் ஒன்று என்கிறது அது. கவனியுங்கள், அங்கே குற்றம் நீளுவதில் இல்லை, கடைசி நாளில் இருக்கிறது.

பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள் என்று சொன்னால் மட்டும் போதுமா?

முதல் வழிக்கு அது நல்ல தொடக்கம், ஆனால் முழு வாதமல்ல. எழுத்து பொடியாக இருந்ததா என்பதைவிட, இவ்வளவு கடுமையான விளைவுள்ள ஷரத்துக்கு ஏற்ற அளவு கவனம் ஈர்க்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. ஷரத்து எவ்வளவு கடுமையோ, அறிவிப்பும் அவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும். இங்கிலாந்து நீதிபதி டென்னிங் 1956-இல் ஒரு தீர்ப்பில் இதை வேடிக்கையாகச் சொன்னார்: சில ஷரத்துகளைச் சிவப்பு மையில் அச்சடித்து, அதைச் சுட்டிக்காட்டச் சிவப்பில் ஒரு கையும் வரைந்தால்தான் போதுமான அறிவிப்பு ஆகும்.

அது வெறும் பேச்சல்ல. 1987-இல் அங்கே ஒரு மேல்முறையீடு வந்தது. ஒரு விளம்பர நிறுவனம் 47 புகைப்பட ஸ்லைடுகளைக் கடனாக வாங்கி, திருப்பித் தரத் தாமதித்துவிட்டது. கூடவே வந்த டெலிவரி தாளில், தாமதமானால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு நாளைக்கு 5 பவுண்டு என்று ஒரு நிபந்தனை அச்சாகியிருந்தது. அந்தத் துறையில் வழக்கமாக வாங்குவதைவிட அது பல மடங்கு. பில் 3,783 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. அசாதாரணமான அந்த நிபந்தனையைத் தனியாகச் சுட்டிக்காட்டவில்லை என்பதால் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியாயமான சிறு தொகையை மட்டும் கட்டச் சொன்னது. இத்தனைக்கும் இரு தரப்பும் வணிக நிறுவனங்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதையே எழுத்தில் சட்டமாக்கிவிட்டது. 2010 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் அங்கத்திய தானியங்கிப் புதுப்பித்தல் சட்டப்படி, புதுப்பித்தல் விவரம் சுற்றியுள்ள எழுத்தைவிடப் பெரிதாகவோ, வேறு நிறத்திலோ வடிவத்திலோ, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதோடு, சம்மதம் கேட்கும் பொத்தானுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது இன்னொரு பக்கத்தில், 17.4-இல் கிடக்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லையென்றாலும் "எப்படிப் போட்டிருக்கலாம்" என்று காட்ட இது நல்ல ஒப்பீடு.

சரி, கண்ணில் படும்படிதான் போட்டிருந்தார்கள், நானும் படித்தேன். அப்போது கதை முடிந்ததா?

முதல் வழி மூடிக்கொள்ளும். இரண்டாவது வழி திறந்தே இருக்கும். அங்கே கேள்வி நீங்கள் படித்தீர்களா என்பதல்ல; ஷரத்து இரு தரப்புக்கும் இடையிலான சமநிலையைப் பெரிதாகச் சாய்க்கிறதா, நிறுவனத்துக்கு அது உண்மையில் தேவைப்படுகிறதா என்பது. ஐரோப்பிய உத்தரவு நல்லெண்ணத்துக்கு மாறாகக் கணிசமான சமநிலைக் கேடு உண்டாகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியச் சட்டம், நிறுவனத்தின் நியாயமான நலனைக் காக்க அந்த ஷரத்து அவசியமா என்றும் கேட்கிறது. அவசியம் என்று காட்டும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்தான்.

இங்கேதான் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தா மார்ச் 9 அன்று முடிகிறது. லீப் ஆண்டு இல்லையென்றால் 90 நாள் பின்னால் போனால் டிசம்பர் 9. அதாவது சேர்ந்து ஒன்பது மாதத்திலேயே, பயிற்சியில் கால்வாசி இன்னும் மீதம் இருக்கும்போதே, அடுத்த ஆண்டும் வேண்டுமா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு நாள் தவறினால் அபராதம் ஓராண்டுக் கட்டணம். எதிர்த் தட்டில் நிறுவனத்துக்கு என்ன இருக்கிறது? பதிவு செய்த பாடங்களைத் திறந்துவிடுவதற்கு 90 நாள் முன்தயாரிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் விலகினால் கணக்கை மூடினால் போதும். ஒவ்வொருவருக்காகவும் ஆள் நியமித்து, பொருள் வாங்கி வைக்கிற தொழிலாக இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். இந்த ஒப்பீட்டை நான் எல்லாப் புகாரிலும் எழுதுவேன். "அநியாயம்" என்ற சொல்லைவிட "90 நாள் எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

2017-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஜே.ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற கழிவு அகற்றும் நிறுவனத்தின் அச்சு ஒப்பந்தத்தில் எட்டு ஷரத்துகளைச் செல்லாது என்றது. முதல் காலம் முடிவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த காலத்துக்கும் கட்டுண்டிருக்க வேண்டும் என்ற ஷரத்து அவற்றில் ஒன்று.

எத்தனை நாள் முன்பாகச் சொல்லச் சொன்னால் நியாயம், எத்தனை நாள் என்றால் அநியாயம்?

எல்லா இடத்துக்கும் பொதுவான எண் எதுவும் கிடையாது. அந்தக் கோடு காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே முன்பு மூன்று மாத முன்னறிவிப்பும், ஓராண்டு வரையிலான தானியங்கி நீட்டிப்பும் செல்லும். 2022 மார்ச் 1 முதல் செய்த ஒப்பந்தங்களுக்கு விதி மாறிவிட்டது. முதல் காலம் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு நீண்டாலும் காலவரையற்றதாகத்தான் நீளலாம், எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம். காப்பீட்டுக்கு இது பொருந்தாது. ஆக நம்முடைய 17.4-ஆம் ஷரத்து பழைய விதியின்படி அங்கே ஓரளவு தப்பித்திருக்கும், இன்றைக்குத் தப்பாது.

எண் எதுவும் சொல்லாத சட்டம் உள்ள இடங்களில் முந்தைய பதிலில் சொன்ன எடைபோடுதல்தான் வழி. என் கணிப்பு: டிஜிட்டல் சேவைக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கேட்டால், நினைவூட்டலும் வந்திருந்தால், எதிர்ப்பது கடினம். இரண்டு, மூன்று மாதம் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பினோம் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லையே?

முதலில் ஸ்பேம், புரொமோஷன்ஸ் பகுதிகளில் நன்றாகத் தேடுங்கள். "வரவே இல்லை" என்று எழுதிக் கொடுத்தபின் அது வெளிப்பட்டால் உங்கள் மற்ற வாதங்களின் நம்பகத்தன்மையும் போய்விடும். உண்மையிலேயே வரவில்லை என்றால், அனுப்பிய தேதி, தலைப்பு, முழு வாசகம் மூன்றையும் கேளுங்கள்.

வாசகம் ஏன் முக்கியம் என்றால், பல "நினைவூட்டல்களில்" நினைவூட்டலே இருக்காது. நான் படித்த ஒன்றில் "உங்கள் கற்றல் பயணத்தின் அடுத்த கட்டம்!" என்று தலைப்பு, நான்கு சலுகைப் படங்கள், கடைசியில் சாம்பல் நிற எழுத்தில் புதுப்பித்தல் பற்றி அரை வரி. ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று எங்கேயும் இல்லை. பிரான்சின் நுகர்வோர் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்து செய்யும் கெடு முடிவதற்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு மாதம் வரைக்குள் தனிப்பட்ட கடிதமோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். அதில் அந்தக் கடைசித் தேதி கண்ணில் படும் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் புதுப்பித்த நாளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கட்டணம் எதுவுமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: நினைவூட்டல் எப்போது வந்தது என்றும் பாருங்கள். பிப்ரவரி 20 அன்று "மார்ச் 10-இல் புதுப்பிக்கிறோம்" என்று எழுதினால், டிசம்பர் 9-ஐ கெடுவாக வைத்த ஒப்பந்தத்தில் அதனால் யாருக்கு என்ன பயன்? இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதிப்படி, தொடர் பற்றுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பு வங்கியிடமிருந்து வரும் செய்திக்கும் இதே கதைதான். அந்தப் பற்றை நிறுத்த அது உதவும், ஆனால் ஒப்பந்தத்தின் கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

இலவச சோதனை என்று சேர்ந்தேன், அது தானாகக் கட்டணச் சந்தாவாகிவிட்டது. இதுவும் அதே வகைதானா?

கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கூடுதலாக ஒரு பிடி உண்டு. இணையத்தில் வாங்கியதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. சோதனைக் காலத்தில் சேர்ந்தபோது ஒரு முறை, கட்டணமாக மாறியபோது இன்னொரு முறை என இரண்டு தடவை அந்த உரிமை உண்டா? ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில், சோஃபாட்யூட்டர் என்ற கற்றல் தளம் பற்றிய வழக்கில், ஒரு முறைதான் என்றது. ஆனால் இலவசக் காலம் முடிந்தால் கட்டணம் வரும் என்பதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால், மாறியபின் அந்த உரிமை மறுபடியும் கிடைக்கும் என்றும் சொன்னது. ஆகவே பிரச்சினை மறுபடியும் மூன்றாவது கேள்விக்கே வந்து நிற்கிறது.

இரண்டாம் ஆண்டுக் கட்டணம் முதல் ஆண்டைவிட அதிகம். "விலையைப் பற்றி நீதிமன்றம் கேட்காது" என்று ஒரு வக்கீல் சொன்னாரே?

அவர் சொன்னதில் பாதி சரி. தெளிவான மொழியில் எழுதிய விலை அதிகமா குறைவா என்பதை நியாய அளவுகோலில் எடைபோட முடியாது என்பது ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பொதுவான விதி. ஆனால் உங்கள் புகார் விலை அதிகம் என்பதல்ல. எந்த விலைக்கு, எப்போது, எப்படிக் கட்டுண்டீர்கள் என்பது. புதுப்பித்தல் ஷரத்து விலையே அல்ல. "புதுப்பிக்கும் நேரத்தில் நடப்பில் உள்ள கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தால் சேர்ந்த அன்று அந்தத் தொகையே தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட வரியைத் தெளிவான விலை என்று அவர்கள் சொல்லிக்கொள்ள முடியாது.

கார்டை பிளாக் செய்துவிட்டேன். இனி பிரச்சினை இல்லைதானே?

பணம் போவது நிற்கும், ஆனால் ஒப்பந்தம் நிற்காது. நான் பார்த்த குழப்பங்களில் மிகவும் செலவு வைத்தது இதுதான். கார்டை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நிறுவனம் "கட்டணம் நிலுவை" என்று கணக்கில் ஏற்றும், பிறகு வசூல் ஏஜென்சியிடம் கொடுக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு போன் வரும்.

அதே நாளில் எழுத்து மூலம் ரத்தையும் தெரிவித்துவிடுங்கள். ஷரத்து செல்லாது என்று நீங்கள் வாதிடுவது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவேளை செல்லும் என்று முடிவானால், அதன்படி கிடைக்கக்கூடிய மிக அருகான தேதியில் ஒப்பந்தம் முடியட்டும் என்றும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் வழக்கு நடக்கும்போதே மூன்றாம் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

அவர்களுக்கு முதலில் என்ன எழுத வேண்டும்?

சுருக்கமாக எழுதுங்கள். கோபத்தை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நம் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"மார்ச் 10 அன்று என் கணக்கிலிருந்து எடுத்த இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை நான் ஏற்கவில்லை. சேரும் திரையில் 'ஓராண்டுத் திட்டம்' என்று மட்டுமே இருந்தது. தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அது ஒப்பந்தத்தின் பகுதி என்றே வைத்துக்கொண்டாலும், சேவை முடிய 90 நாள் இருக்கும்போதே விலக வேண்டும் என்பதும், கெடுவுக்கு முன் நினைவூட்டல் இல்லாததும் அதை நியாயமற்றதாக்குகின்றன. 90 நாள் தேவைப்படுவதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும். சந்தாவை இன்றுடன் ரத்து செய்கிறேன். தொகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும்."

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள், சாட் பெட்டியில் வேண்டாம். சாட் பெட்டியை மூடினால் பல தளங்களில் உரையாடலும் போய்விடும். சாட் மட்டுமே வழி என்றால் ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து வையுங்கள்.

நான் சேர்ந்தபோது இருந்த விதிமுறை இப்போது தளத்தில் இல்லை. எதைக் காட்டுவது?

நீங்கள் சேர்ந்த அன்று இருந்த பதிப்புதான் முக்கியம், ஏனென்றால் நியாயமா இல்லையா என்பதை ஒப்பந்தம் செய்த நேரத்தை வைத்தே பார்ப்பார்கள். web.archive.org-இல் விதிமுறைப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, சேர்ந்த தேதிக்கு அருகிலுள்ள பிரதியைத் தேடுங்கள். பதிவுப் பக்கத்தையும் தேடிப் பாருங்கள். பெட்டி எங்கே இருந்தது, எந்த எழுத்து பெரிதாக இருந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும், அவ்வப்போது கிடைத்தும்விடும். பிறகு சேர்ந்த அன்று வந்த உறுதி மின்னஞ்சலை எடுங்கள். அதில் "ஓராண்டு, முடிவு மார்ச் 9" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்: அவர்களே முடிவுத் தேதி சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாசகத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால், எழுதியவருக்கு எதிரான அர்த்தத்தையே எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய விதி.

புதுப்பித்த பிறகு கவனிக்காமல் இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டேன். உரிமை போய்விட்டதா?

போகவில்லை, ஆனால் தொகை சுருங்கும். தெரிந்தே பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். தெரிந்த நாளிலிருந்து ஒருமுறைகூட உள்ளே நுழையாதீர்கள், "பாக்கி இருக்கும் பாடத்தை மட்டும் முடித்துவிடலாமே" என்ற சபலம் உட்பட. பயன்படுத்திய இரண்டு மாதத்துக்கு விகிதப்படி கொடுத்துவிடுகிறேன், மீதிப் பத்து மாதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பது நேர்மையானது. நுகர்வோர் ஆணையத்தின் முன்னும் நன்றாக எடுபடும்.

இந்தியாவில் இதற்கு எங்கே போவது?

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46)-ஆம் பிரிவு "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதை வரையறுக்கிறது. அதில் தானியங்கிப் புதுப்பித்தல் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. நுகர்வோருக்குப் பாதகமாகும் நியாயமற்ற கட்டணம், கடமை, நிபந்தனை என்ற கடைசி உட்பிரிவில்தான் நம் ஷரத்து பொருந்தும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தலைப்பில் தரும் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை.

ஒரு சந்தாவுக்காக மாநில ஆணையம் வரை போவது பலருக்குக் கட்டுபடியாகாது. அதனால் அதே உண்மைகளை "நேர்மையற்ற வணிக நடைமுறை", "சேவைக் குறைபாடு" என்ற தலைப்புகளில் மாவட்ட ஆணையத்தில் வைப்பது நடைமுறை வழி. இதற்கு ஆதாரம் இருக்கிறது: 2019-இல் உச்ச நீதிமன்றம் பயனியர் அர்பன் வழக்கில், வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒருதலைப்பட்சமான ஷரத்துகளை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்றது. டார்க் பேட்டர்ன், அதாவது பயனரை ஏமாற்றும்படி அமைத்த திரை வடிவமைப்பு, பற்றி 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களும் உதவும். ரத்து செய்யும் வழியை ஒளிப்பதும் குழப்புவதும் "சந்தா பொறி" என்ற தலைப்பில் அங்கே வருகின்றன. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சிறு தொகை என்றால் பல நிறுவனங்கள் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும்.

எல்லாத் தகராறும் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதே விதிமுறையில் இருக்கிறதே?

இந்தியாவில் அது தடையில்லை. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உறுதிசெய்தது. ஐரோப்பாவில் நீதிமன்றம் செல்லும் உரிமையைத் தடுக்கும் ஷரத்தே, இரண்டாவது பதிலில் சொன்ன உத்தரவின் பின்னிணைப்புப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு, அங்கே பெரும்பாலும் அது செல்லும். அங்கே இருப்பவர்கள் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று அதே ஷரத்தில் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் ஷரத்துகளில் அந்த விலக்கு உண்டு.

சந்தாவை என் கடைப் பெயரில் எடுத்தேன். நானும் நுகர்வோர்தானே?

நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பாதுகாப்பு சிறு வணிகங்களுக்கும் உண்டு. நான்காவது பதிலில் சொன்ன வழக்கே சிறு வணிகங்களுக்காக நடந்ததுதான். இந்தியாவில் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல, ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கத் தானே பயன்படுத்துவதற்காக வாங்கியவர் நுகர்வோர்தான். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர் அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.

"பாதிப் பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். ஷரத்து செல்லாது என்று தீர்ப்பானால் அந்த ஷரத்து மட்டும் உதிர்ந்துபோகும், மற்ற ஒப்பந்தம் அப்படியே இருக்கும். நம் எடுத்துக்காட்டில் சந்தா மார்ச் 9 அன்று இயல்பாக முடிந்ததாகக் கொள்வார்கள். இரண்டாம் ஆண்டுத் தொகை திரும்ப வரும். முதல் ஆண்டுக்குக் கொடுத்தது திரும்ப வராது, அதைக் கேட்கவும் வேண்டாம்.

பாதியை வாங்குவதாக முடிவு செய்தால், அவர்கள் அனுப்பும் ஒப்புதல் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். "சந்தா ரத்து" என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போன மாதம் என்னிடம் வந்தவர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அந்தக் கடிதத்தில் "நல்லெண்ண அடிப்படையில் கட்டணச் சலுகை" என்றுதான் இருந்தது. சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.